செங்குத்துக் கழிவுக் குழாய் மாற்றம்: பி.வி.சி.யா, வார்ப்பிரும்பா, எச்.டி.பி.இ.யா?

தரைத்தளம், 2024 பிப்ரவரி 3

சென்னையில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட பழைய அடுக்ககம் எங்களுடையது. எண்பதுகளில் கட்டியது. குளியலறைகளுக்கு நடுவே வானம் பார்த்த டக்ட் ஒன்று இருக்கிறது. அதில் கழிப்பறைக்கு ஒன்றும் சமையலறைக்கு ஒன்றுமாக இரண்டு வார்ப்பிரும்புக் குழாய்கள் மேலிருந்து கீழ்வரை இறங்குகின்றன. இரண்டுமே துருவேறிவிட்டன. கழிப்பறைக் குழாய் இரண்டு இடங்களில் கசிகிறது.

சங்கத்தில் மூன்று கட்சிகள். ஒப்பந்தக்காரர் பி.வி.சி. பிளாஸ்டிக் போடலாம் என்கிறார். முதல் மாடிப் பெரியவர் வார்ப்பிரும்பைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்கிறார். இரண்டாம் மாடியில் இருப்பவரின் மருமகன் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக்தான் புதுக்காலத்துக்கு ஏற்றது என்று தாள் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சங்கச் செயலாளர். என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் டக்ட். மேலே மூன்று மாடிகளில் யார் தண்ணீர் திறந்துவிட்டாலும் என் தலைமாட்டில் கேட்கும் என்பதால் சத்தம்தான் எனக்கு முதல் கேள்வி. தீ இரண்டாவது. விலையும் வேலையும் அதற்குப் பிறகு.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை வாசகர், பிப்ரவரி 3

எச்.டி.பி.இ. போடுங்கள், அம்மா. சுவர் தடிமன் அதிகம், அதனால் சத்தம் வராது. பி.வி.சி. மெல்லியது, கூத்தாடும். தீயைப் பற்றிக் கவலையே வேண்டாம், பி.வி.சி. எரியாது. மின்கம்பிக்கே அதைத்தானே உறையாகப் போடுகிறார்கள்?

கோவை, மூன்றாம் மாடி, பிப்ரவரி 4

எங்கள் வீட்டிலும் இதே சத்தத் தொல்லைதான். மேல்வீட்டில் குளித்தால் எங்கள் குளியலறைத் தரை வடிகாலில் குடகுடவென்று காற்று வெளியேறுகிறது, சில நாள் நாற்றமும் வருகிறது. பி.வி.சி.தான். வார்ப்பிரும்புக்கு மாற்றினால் நிற்குமா?

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 4

முப்பது ஆண்டுகள் குழாய் வேலை மேற்பார்வையில் இருந்தவன் நான். கோவைக்காரருக்கு முதலில்: உங்களுடையது வேறு நோய், ஐயா. நீங்கள் கேட்பது குழாய்ச் சுவரின் சத்தம் அல்ல, காற்று திணறும் சத்தம். மேலிருந்து தண்ணீர் இறங்கும்போது குழாய்க்குள் காற்று போதாமல் உங்கள் வடிகாலுக்கு அடியில் டிராப்பில் நாற்றத்தை மறித்து நிற்கும் தண்ணீரை இழுக்கிறது, அல்லது கீழே அடைப்பு இருந்து காற்றை மேலே தள்ளுகிறது. தண்ணீர் போய்விட்டால் நாற்றம் வரத்தானே செய்யும்? மொட்டைமாடியில் காற்றுக்குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தொப்பிக்குள் குருவிக்கூடு இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தங்கத்தில் குழாய் போட்டாலும் காற்று இல்லையென்றால் குடகுடப்பு போகாது.

நெல்லைக்காரர் பாதி சரி. குழாய்ச் சுவரின் தடிமன் முக்கியம், ஆனால் அதைவிட எடை முக்கியம். வார்ப்பிரும்பு 110 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு எட்டு கிலோவுக்கு மேல் வரும். பி.வி.சி. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எச்.டி.பி.இ. தடிமனாக இருந்தாலும் பொருளே இலேசானது. தண்ணீரில் மிதக்கும். மீட்டருக்கு ஒன்றேகால் கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ஆக, சாதாரண எச்.டி.பி.இ. பி.வி.சி.யைவிட அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கனிமத்தூள் கலந்து எடை ஏற்றிய சத்தமடக்கிக் குழாய்கள் தனியே உண்டு. அவை வேறு சரக்கு, விலையும் வேறு.

பி.வி.சி. எரியாது என்பதும் பாதி உண்மை. சுடரை எடுத்துவிட்டால் அணைந்துவிடும், அவ்வளவுதான். சுடர் பக்கத்தில் இருக்கும்வரை கருகும், கரும்புகை விடும், அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். அது மூச்சுக்குழாயை எரிக்கும். அதற்கும் முன்பே 80 பாகைச் சூட்டை ஒட்டி இளகித் தொய்ந்து, சுவரில் குழாய் இருந்த இடம் ஓட்டையாகிவிடும்.

தரைத்தளம், பிப்ரவரி 5

ஈயம் ஊற்றிய ஐயாவுக்கு நன்றி. எடைதான் காரணம் என்றால் பெரியவர் கட்சி வென்றது என்று கூட்டத்தில் சொல்லிவிடலாமா? ஒன்று இடிக்கிறது. இப்போது இருப்பதே வார்ப்பிரும்புதான். அப்படியிருந்தும் இரவு 11 மணிக்கு மூன்றாம் மாடியில் கழிப்பறைத் தொட்டியை அழுத்தினால் எனக்குத் தூக்கம் கலைகிறது.

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 5

சரியான கேள்வி. சத்தம் இரண்டு வழியில் வரும். குழாய்ச் சுவர் அதிர்ந்து டக்டில் உள்ள காற்றின் வழியாக வருவது ஒன்று. கிளாம்ப், சிமெண்ட் பூச்சு, குழாய் அடியில் திரும்பும் பெண்டு வழியாகக் கட்டடத்துக்குள் ஏறி உங்கள் அறைச் சுவரையே பறையாக்குவது மற்றொன்று. முதலாவதை எடை அடக்கும். இரண்டாவதை அடக்காது.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் தளத்தில் கைக்கெட்டும் உயரம் முழுக்கக் குழாயைச் சுற்றிப் பழைய மெத்தையையோ கனமான போர்வைகளையோ இறுகக் கட்டுங்கள். மேலே ஒருவரைத் தொட்டியை அழுத்தச் சொல்லிவிட்டுப் படுக்கையில் படுத்துக் கேளுங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் காற்று வழி. குறையவில்லையென்றால் சுவர் வழி. அப்போது குழாய் சுவரை எங்கே தொடுகிறது என்று தேடுங்கள்.

தரைத்தளம், பிப்ரவரி 8

செய்து பார்த்தோம். இரண்டு மெத்தைகளைக் கட்டியும் பெரிய வித்தியாசம் இல்லை. சலசலப்பு மட்டும் மங்கியது. ‘தொம்’ என்று விழும் சத்தம் அப்படியே இருந்தது.

பிறகு டார்ச் விளக்கோடு டக்டுக்குள் இறங்கிப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், பழைய கசிவை அடைக்க யாரோ குழாயையும் சுவரையும் சேர்த்துச் சிமெண்ட் கலவையால் பூசியிருக்கிறார்கள். அது என் தலைமாட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. இன்னொன்று, அடியில் குழாய் ஒரே 90 பாகைப் பெண்டில் திரும்பிக் கழிவுநீர்ச் சேம்பருக்குப் போகிறது. தண்ணீர் முழு வேகத்தில் வந்து அந்த முட்டியில் அறைகிறது.

பெரியவரிடம் சொன்னேன். “அந்தக் காலத்தில் அப்படித்தான் போடுவார்கள், தூங்குகிறவர்கள் தூங்கினார்கள்” என்றார்.

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 8

இரண்டையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். இனிமேல் எந்தப் பொருளைப் போட்டாலும் அடியில் 90 பெண்டு வேண்டாம். 45 பாகைப் பெண்டு இரண்டு, நடுவே கால் மீட்டர் நேர்க்குழாய். தண்ணீர் அறையாமல் வழுக்கித் திரும்பும். பெண்டின் அடியில் கான்கிரீட் படுக்கை கொடுங்கள். அந்தப் படுக்கை உங்கள் அறைச் சுவரைத் தொடக் கூடாது.

கிளாம்ப் எல்லாம் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும். முடிந்தவரை உங்கள் படுக்கையறைச் சுவரில் அடிக்காமல் எதிர்ச்சுவரில் அடியுங்கள். சுவரைத் துளைத்து உள்ளே போகும் கிளைக்குழாயைச் சுற்றிச் சிமெண்ட் நேரடியாகப் பிடிக்காமல் மெல்லிய ரப்பர்ச் சுற்று கொடுத்துப் பிறகு அடையுங்கள்.

மூன்று மாடிக்கே இவ்வளவு வேகம் என்றால் இருபது மாடியில் என்னவாகும் என்று கேட்பார்கள். தண்ணீர் குழாய்ச் சுவரை ஒட்டிப் படலமாக இறங்குகிறது. ஒன்றிரண்டு மாடி இறங்கியதும் உராய்வால் ஒரு வேகத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. அதனால் மூன்றாம் மாடித் தண்ணீரும் இருபதாம் மாடித் தண்ணீரும் உங்கள் பெண்டில் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் விழும்.

இன்னொன்று: உங்கள் தரைத்தளக் கழிப்பறை அந்தக் குழாயிலேயே சேர்கிறதா? சேர்ந்தால் தனியே பிரித்துச் சேம்பருக்குக் கொண்டுபோங்கள். அடிப்பெண்டை ஒட்டிக் காற்று எதிர்த்து அழுத்தும்.

தரைத்தளம், பிப்ரவரி 9

ஆம், சேர்கிறது. பிரிக்கச் சொல்கிறேன்.

லண்டன் தமிழர், பிப்ரவரி 10

தீயைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. இங்கே தளத்தைத் துளைத்துப் பெரிய பிளாஸ்டிக் குழாய் போனால் ஒவ்வொரு தளத்தின் அடிப்பக்கமும் தீத்தடுப்புக் காலர் மாட்ட வேண்டும். சூடு பட்டதும் காலருக்குள் இருக்கும் பொருள் ஊதிப் பெருகி, இளகிய குழாயை நசுக்கி ஓட்டையை மூடிவிடும். வார்ப்பிரும்பு உருகாது என்பதால் காலருக்கு வேலையில்லை. சுற்றியுள்ள இடைவெளியை அடைத்தால் போதும். 2017இல் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்த பிறகு இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். நீங்களும் பி.வி.சி. போட்டால் மாடிக்கு ஒரு காலர் வாங்குங்கள்.

தரைத்தளம், பிப்ரவரி 10

அண்ணா, எங்கள் டக்டில் தளமே இல்லை. கீழிருந்து வானம்வரை வெறும் கிணறு. காலரை எதில் மாட்டுவது?

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 11

லண்டன்காரர் சொல்வது அவர் ஊர்க் கட்டடத்துக்குச் சரி. இங்கும் தளம் மூடிய டக்ட் உள்ள புதிய உயரமான கட்டடங்களில் ஒவ்வொரு தளத்திலும் தீ தாண்டாதபடி அடைக்கத்தான் வேண்டும். திறந்த டக்டில் தீ போகும் வழி வேறு. கீழே பற்றினால் புகையும் சுடரும் டக்ட் வழியாக ஏறும். குளியலறைக் காற்றுச் சன்னல்கள் எல்லாம் டக்டைப் பார்த்துத்தானே இருக்கின்றன? அங்கேதான் வீட்டுக்குள் நுழையும்.

ஆகவே எரிவதற்கு டக்டின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தரைத்தளம், பிப்ரவரி 11

மின்மீட்டர்ப் பலகை டக்ட் கதவுக்கு அருகில் இருக்கிறது. மின்கம்பிகள் டக்ட் வழியாகத்தான் மேலே போகின்றன. காவலாளி பழைய செய்தித்தாள் கட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் உள்ளே வைத்திருந்தார். எழுதுவதற்கு முன்பே அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். கம்பிகளை எதிர் மூலைக்கு மாற்ற மின்பணியாளரிடம் பேசியிருக்கிறேன்.

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 12

நல்லது. இந்த நிலையில் டக்டின் அடியில் எச்.டி.பி.இ. வேண்டாம் என்பது என் கருத்து. 130 பாகையை ஒட்டி உருகும், மெழுகு போலச் சொட்டும், சொட்டும் துளியும் எரியும். மேலே பற்றினாலும் தீ கீழே வந்துவிடும். பி.வி.சி. அப்படி எரிந்து சொட்டாது, புகைதான் அதன் கெடுதல். கிளைக்குழாய் நுழையும் சுவர்த்துளையை நுரை அடித்து அடைப்பார்கள். அந்த நுரையும் எரியும். சிமெண்ட் கலவையே போதும்.

தரைத்தளம், பிப்ரவரி 14

இரண்டு நாள்களாக இதையே யோசிக்கிறேன். மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்வது என்று கேள்வியைத் தொடங்கினேன். குழாய் முழுவதும் ஒரே பொருளாக ஏன் இருக்க வேண்டும்? சத்தத்தின் தொல்லை கடைசி மூன்று மீட்டரிலும் அடிப்பெண்டிலும்தான். தீ தொடங்கக்கூடிய இடமும் அதே மூன்று மீட்டர்தான். அதை மட்டும் வார்ப்பிரும்பில் போட்டு, மேலே மொட்டைமாடிவரை பி.வி.சி. போட்டால் என்ன?

மேல்மாடிக்காரர்களும் படுக்கையறைச் சுவர் வழியாகக் கேட்பார்களே என்று நினைத்தேன். அவர்களுக்கு டக்டை ஒட்டி இருப்பது குளியலறை மட்டும்தான். அறைப் பிரிப்பு என் தளத்தில் மட்டும் மாறியிருக்கிறது.

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 14

தாராளமாகச் செய்யலாம். நிபந்தனைகள் உண்டு. வார்ப்பிரும்பில் இப்போது சாக்கெட் இல்லாத வகை கிடைக்கிறது. இரண்டு முனைகளை ஒட்டி வைத்து ரப்பர் உறை, அதன் மேல் துருப்பிடிக்காத எஃகுப் பட்டி, திருகி இறுக்கினால் முடிந்தது. என் காலத்தில் சணல்கயிறு அடித்து ஈயம் உருக்கி ஊற்றுவோம். ஒரு மூட்டுக்கு அரை மணி நேரம் போகும், புகை வேறு. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், அதைத் தேடவும் வேண்டாம்.

பி.வி.சி. வார்ப்பிரும்போடு சேரும் இடத்தில் இரண்டின் வெளிவிட்டத்தையும் அளந்த பிறகே உறை வாங்குங்கள். 100 என்று எழுதியிருக்கும் குழாய்கள் எல்லாம் ஒரே அளவு அல்ல. இரும்புப் பகுதி தன் சொந்தத் தாங்கியில் நிற்க வேண்டும், அதன் எடை மூட்டில் தொங்கக் கூடாது.

பி.வி.சி.யில் ஐ.எஸ். 13592 தரத்தில் பி வகை கேளுங்கள். ஏ வகை மழைநீருக்கும் காற்றுக்கும் உரியது. 110 மி.மீ. ஏ வகையின் சுவர் 2.2 மி.மீ.யிலிருந்து தொடங்கும், பி வகை 3.2 மி.மீ.யிலிருந்து. தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். குழாய் வந்து இறங்கியதும் வெட்டிய முனையை அளந்து பாருங்கள்.

நெல்லை வாசகர், பிப்ரவரி 15

எடைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சமையலறைக் குழாயில் தினமும் கொதிக்கும் கஞ்சி வடிக்கிறார்கள். பி.வி.சி. 80 பாகையில் இளகும் என்று நீங்களே சொன்னீர்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிளைக்குழாய் தொட்டில் போல வளைந்துவிட்டது. அதற்காவது எச்.டி.பி.இ. வேண்டாமா? கொதிநீர் அதற்கு ஒன்றும் செய்யாது.

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 15

இது நல்ல வாதம், தம்பி. ஆனால் கஞ்சி செங்குத்துக் குழாய்க்குள் வருவதற்குள் ஆறிவிடும், அங்கே நிற்பதும் இல்லை. அடிபடுவது தொட்டிக்கு அடியில் உள்ள கிடைக்குழாய்தான். அதற்கு அரை மீட்டருக்கு ஒரு தாங்கி கொடுத்து, வடிக்கும்போது குழாய்த் தண்ணீரையும் திறந்துவிட்டால் பி.வி.சி. தாங்கும். நான் அப்படித்தான் செய்வேன்.

நெல்லை வாசகர், பிப்ரவரி 15

தண்ணீர்ப் பஞ்சத்தில் கஞ்சியோடு தண்ணீரையும் திறந்துவிடுகிற வீடு எது, ஐயா? எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தரைத்தளம், பிப்ரவரி 18

வேலை எளிமை பற்றி இரண்டு பேரிடம் விசாரித்ததை எழுதுகிறேன்.

எச்.டி.பி.இ.யைப் பசை போட்டு ஒட்ட முடியாது. முனைகளைச் சூட்டுத்தட்டில் உருக்கி ஒன்றோடொன்று அழுத்திச் சேர்க்க வேண்டும். எங்கள் டக்டில் ஒரு ஆள் நிற்கலாம், அந்தக் கருவியையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. மொட்டைமாடியில் மாடியளவு துண்டுகளாகச் சேர்த்து, கயிற்றில் இறக்கி, உள்ளே மின்சூட்டுச் சாக்கெட்டால் இணைக்கலாம் என்று அந்தத் தொழிலாளர் சொன்னார். திறமையானவர். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து ஒரு கிளை மாற்ற வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேட வேண்டும்.

வெயிலில் நீள்வதையும் கணக்குப் போட்டேன். எங்கள் குழாய் 12 மீட்டர். காலைக்கும் நண்பகலுக்கும் 20 பாகை வித்தியாசம் என்று வைத்தால் பி.வி.சி. ஏறத்தாழ 17 மி.மீ. நீள்கிறது. எச்.டி.பி.இ. 48 மி.மீ. வார்ப்பிரும்பு 3 மி.மீ.கூட இல்லை. பி.வி.சி.யில் மாடிக்கு ஒரு ரப்பர் வளைய மூட்டு வைத்தால் ஒவ்வொன்றும் 4 மி.மீ. சமாளித்தால் போதும். ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எல்லா மூட்டையும் பசை போட்டு ஒட்டிவிடுவது வழக்கமாம், வேகமாக முடியுமே என்று. அப்படி ஒட்டினால் குழாய் நெளியும், கிளாம்பில் உரசி ‘டக் டக்’ என்று சத்தமிடும், கிளை மூட்டு விரியும். வளைய மூட்டில் முழுக்க நுழைத்துக் குறியிட்டு, 10 மி.மீ. பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஈயம் ஊற்றியவர், பிப்ரவரி 18

இதோடு ஒன்று சேருங்கள். ஒவ்வொரு மாடியிலும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு கிளாம்ப் இறுக்கமாகவும் மற்றவை குழாய் வழுக்கும்படி இளக்கமாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கினால் 10 மி.மீ. இடைவெளி விட்டும் பயனில்லை.

தரைத்தளம், பிப்ரவரி 24

விலை. குழாய், பொருத்துபொருள், பொருத்தும் கூலி மட்டும் எடுத்துக்கொண்டால், எங்களுக்கு வந்த பட்டியல்களில் பி.வி.சி. ஒரு பங்கு என்றால் எச்.டி.பி.இ. இரண்டு பங்குக்குச் சற்று மேலே, வார்ப்பிரும்பு ஏறத்தாழ நான்கு பங்கு. இதைப் பார்த்ததும் கூட்டத்தில் எல்லோரும் பி.வி.சி. பக்கம் சாய்ந்தார்கள்.

ஆனால் பட்டியலின் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். சாரம், பழைய குழாயை அறுத்து இறக்குவது, எட்டு வீட்டிலும் குளியலறைச் சுவர் உடைப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, ஓடு மறுபடி பதிப்பது. இவை மூன்று பொருளுக்கும் ஒன்றுதான், மொத்தத்தில் பாதிக்கும் மேல். அடிப்பகுதியை மட்டும் இரும்பாக்கினால் மொத்தச் செலவில் கூடுவது மிகச் சிறிது. பழைய இரும்பை எடைக்குப் போட்டால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். ஒப்பந்தக்காரர் பட்டியலில் பழைய இரும்பு அவருக்கே சேரும் என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டோம்.

கோவை, மூன்றாம் மாடி, பிப்ரவரி 25

மொட்டைமாடிக் காற்றுக்குழாயின் வாயில் யாரோ பந்து போட்டிருந்தார்கள். எடுத்ததும் குடகுடப்பு நின்றுவிட்டது. ஈயம் ஊற்றிய ஐயாவுக்கு நன்றி.

தரைத்தளம், மார்ச் 3

கூட்டம் முடிந்தது. கழிப்பறைக் குழாய்: அடியில் சாக்கெட் இல்லாத வார்ப்பிரும்பு, இரண்டு 45 பெண்டு, மேலே பி வகை பி.வி.சி. தரைத்தளம் தனியே சேம்பருக்கு. முதல் மாடிப் பெரியவர் கையெழுத்துப் போட்டார், அவருடைய இரும்பு அடியிலாவது இருக்கிறது என்று.

சமையலறைக் குழாய் இன்னும் முடிவாகவில்லை. கஞ்சி வாதம் கூட்டத்திலும் வந்தது, நெல்லைக்காரர் சொன்னதையே இரண்டாம் மாடி மருமகனும் சொன்னார். கிளையை மட்டும் எச்.டி.பி.இ.யில் போட்டு, பி.வி.சி. செங்குத்தோடு ரப்பர் வளைய மூட்டில் சேர்க்கலாமா என்று பார்க்கிறோம். அந்த மூட்டு ஆண்டுக்கணக்கில் கசியாமல் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

இரும்புக்காகக் கூடும் தொகையை எட்டு வீடும் பகிர்வதா, சத்தம் கேட்கும் நான் மட்டும் தருவதா என்பதும் பாக்கி. மூன்றாம் மாடிக்காரர் நான்தான் தர வேண்டும் என்கிறார். அடியில் தீப்பிடித்தால் புகை அவர் வீட்டுச் சன்னலுக்கும் ஏறும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஈயம் ஊற்றியவர், மார்ச் 4

பழைய குழாயை இறக்கும் நாளில் மூட்டுகளில் ஈயம் இருக்கும், அம்மா. சூடாக்கிப் பிரிக்க விடாதீர்கள், புகை நஞ்சு. நடுவில் அறுத்தே எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டிய பிறகு அறுக்க வேண்டும்.